‘100% தேர்ச்சி’ என்ற வரியை அழித்த பிறகு: ஒரு டியூஷன் விளம்பரத்தைத் திருத்திய விதம்

திருத்துவதற்கு முன் விளம்பரம் இப்படி இருந்தது: “6 முதல் 12 வரை அனைத்துப் பாடங்களும். மாலை 5:00 – 6:30, 6:30 – 8:00 பேட்ச்கள். தனிக்கவனம். 100% தேர்ச்சி. சென்டம் உறுதி. சில இடங்களே உள்ளன.” வீட்டுக் கூடத்தில் ஒரே ஆள் நடத்தும் வகுப்பு அது. இதில் முழுப்பொய் என்று சொல்லக்கூடியது ‘சென்டம் உறுதி’ ஒன்றுதான். மற்றவை பாதி உண்மைகள். அதனால்தான் அவற்றைத் திருத்த அதிக நேரம் பிடித்தது.

வேலைக்கு வேண்டியவை மூன்று: இரண்டு வருட வருகைப் பதிவேடு, மாணவர்களின் மதிப்பெண் குறிப்பு, ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்து எழுதிய நேரக் குறிப்பு. இவை இல்லாமல் நினைவை நம்பி எழுதினால் பழைய விளம்பரமே வேறு சொற்களில் திரும்பி வரும். நன்றாகப் படித்த பிள்ளைகள் நினைவில் நிற்பார்கள், நடுவில் நின்றுபோனவர்கள் நிற்க மாட்டார்கள்.

முதலில் நிலை. ‘6 முதல் 12 வரை அனைத்துப் பாடங்களும்’ என்பதை ஒரு கட்டமாக வரைந்தோம். ஏழு வகுப்புகள், ஐந்து பாடங்கள், ஆக 35 கட்டங்கள். கடந்த இரண்டு வருடத்தில் முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரை முழுதாக நடத்திய கட்டத்துக்கு மட்டும் டிக் போடவேண்டும் என்பது விதி. ‘கேட்டால் சொல்லிக்கொடுக்க முடியும்’ என்பதற்கு டிக் கிடையாது. பரீட்சைக்கு முந்தின வாரம் சந்தேகம் தீர்த்துவைத்ததற்கும் கிடையாது. கடைசியில் டிக் விழுந்தவை இரண்டே: ஒன்பதாம் வகுப்புக் கணிதம், பத்தாம் வகுப்புக் கணிதம். பத்தாம் வகுப்பு அறிவியலில் பாதிப் பாடங்கள் நடந்திருந்தன. பாதி நடந்ததை விளம்பரத்தில் போட்டால், அடுத்த வருடம் அறிவியலுக்கென்றே ஒரு பிள்ளை வந்து நிற்கும். அதனால் விட்டுவிட்டோம்.

வகுப்பையும் பாடத்தையும் சொன்னால் நிலை சொல்லியாகிவிடாது. பத்தாம் வகுப்பில் படிக்கும் எல்லாரும் பத்தாம் வகுப்புக் கணக்கைத் தொடங்கும் நிலையில் இருப்பதில்லை. சேரும் நாளில் ஐந்து கணக்கு கொடுத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்: −7 + 3, 2/3 + 1/4, 3x − 7 = 11, 240-இல் 15 சதவீதம், நீளம் 12-ம் சுற்றளவு 40-ம் உள்ள செவ்வகத்தின் பரப்பு. பதினைந்து நிமிடம் போதும். மூன்று தப்பினால் அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவை பின்னமும் மைனஸ் கணக்கும்தான். இருபடிச் சமன்பாடு அதற்கப்புறம். பேட்ச் ஒரு வாரத்துக்கு ஒரு பயிற்சி என்ற வேகத்தில் ஓடும்போது அதற்கு இடமே இல்லை. இந்தப் பிள்ளைகள்தான் பிறகு நடுவில் நின்றுபோகிறவர்கள் என்பது பதிவேட்டைப் புரட்டினால் தெரியும். ஆகவே யாருக்குப் பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்தோம். நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி இல்லை என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டோம், ஏனென்றால் தொலைபேசியில் முதலில் வரும் கேள்வி அதுதான்.

அடுத்தது நேரம். விளம்பரத்தில் ஒரு பேட்ச் 90 நிமிடம். ஒரு வாரக் குறிப்பில் நான்கு விஷயம் எழுதினோம்: பாடம் தொடங்கிய நிமிடம், நின்ற நிமிடம், வந்தவர்கள் எத்தனை பேர், எந்தெந்த வகுப்புப் பிள்ளைகள். ஐந்து மணி பேட்சில் 5:15-க்கு முன் ஒருநாளும் பாடம் தொடங்கவில்லை. பள்ளி விட்டு வீட்டுக்குப் போய் முகம் கழுவி வரும் பிள்ளை ஐந்துக்கு வர முடியாது. 6:20-க்கே அடுத்த பேட்ச் வாசலில் செருப்பைக் கழற்றத் தொடங்கிவிடும், அதோடு கவனம் போய்விடும். மிஞ்சுவது 65 நிமிடம். இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றும் அப்போது தெரிந்தது. வசதிப்பட்ட நேரத்துக்கு வரலாம் என்று விட்டதால் இரண்டு பேட்சிலும் ஒன்பதும் பத்தும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வகுப்புக்கு விளக்கும்போது மற்ற வகுப்பு தானாகக் கணக்குப் போடும். அப்படியானால் ஒரு பிள்ளைக்கு நேரடிப் பாடம் சுமார் 32 நிமிடம். காகிதத்தில் 90.

இங்கே இரண்டு வழி உண்டு. கலந்தே நடத்தி, ‘இரு வகுப்பும் சேர்ந்த பேட்ச்’ என்று வெளிப்படையாகப் போடலாம். அதிலும் தவறில்லை, சில பிள்ளைகளுக்கு அது ஒத்துவரும். அல்லது பிரிக்கலாம். பிரிப்பதையே தேர்ந்தெடுத்தோம்: 5:15 முதல் 6:30 வரை ஒன்பது, 6:45 முதல் 8:00 வரை பத்து. எழுதுவது 75 நிமிடம், நடப்பதும் 75. நடுவில் விட்ட கால்மணி நேரம் வீணில்லை. முன் பேட்ச் கடைசிக் கணக்கை முடிக்கவும், பின் பேட்ச் வந்து உட்காரவும் அது வேண்டும். இந்த இடைவெளி வைக்காமல் நேரம் எழுதினால் எந்த விளம்பரமும் இரண்டாவது வாரத்திலேயே பொய்யாகும். நேரம் மாறியதில் ஒன்றிரண்டு பேர் நின்றுவிடுவது உண்டு. அதற்காக மறுபடி கலக்கக் கூடாது.

‘தனிக்கவனம்’ என்ற சொல்லை நேரக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க முடியும். 75 நிமிடத்தில் 40 நிமிடம் விளக்கத்துக்குப் போனால் 35 மிச்சம். எட்டுப் பேர் என்றால் ஒருவருக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல், ஒரு பக்கக் கணக்கைப் பார்த்துத் தப்பைக் காட்ட அது போதும். பதினான்கு பேர் என்றால் இரண்டரை நிமிடம். அதில் டிக் போடத்தான் முடியும். எனவே அந்தச் சொல்லை எடுத்துவிட்டு எண்ணிக்கையையும், செய்யும் வேலையையும் போட்டோம்: “ஒரு பேட்சில் 8 பேர். ஒவ்வொருவர் நோட்டும் அன்றே பார்க்கப்படும்.” இதைப் பெற்றோர் நோட்டைத் திறந்தே சரிபார்க்கலாம்.

இனி ரிசல்ட். அதிக யோசனை தேவைப்பட்ட இடம் இது. பதிவேட்டின்படி இரண்டு வருடத்தில் பத்தாம் வகுப்புக் கணிதத்துக்குச் சேர்ந்தவர்கள் 24 பேர். ஐந்து பேர் பரீட்சைக்கு முன்பே நின்றுவிட்டார்கள். மீதி 19 பேரும் தேர்ச்சி. ‘100%’ இங்கிருந்து வந்தது. கணக்கில் தப்பில்லை, ஆனால் சேர்ந்தவர்களை எண்ணாமல் தங்கியவர்களை மட்டும் எண்ணியது. இன்னொன்று: அந்த 19 பேரில் 17 பேர், சேர்வதற்கு முன் எழுதிய பள்ளித் தேர்விலேயே தேர்ச்சி பெற்றவர்கள். அவர்கள் தேர்ச்சி பெற்றதை டியூஷனின் சாதனை என்று எப்படிச் சொல்வது? சென்டம் கதையும் அப்படியே. வாங்கியவர்கள் இரண்டு பேர், இருவரும் 95-க்கு மேல் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள்.

சரி, மதிப்பெண் எவ்வளவு கூடியது என்று போடலாமே என்றால், அதிலும் பள்ளம் இருக்கிறது. சேரும் முன் எழுதிய கடைசித் தேர்வையும் இறுதித் தேர்வையும் ஒப்பிட்டால் 19 பேருக்கும் சேர்த்துக் கூடியது 171 மதிப்பெண், சராசரி 9. ஆனால் ஒரே பிள்ளை 31-இலிருந்து 78-க்குப் போயிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் சராசரி 7-க்கும் கீழே. வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவருக்குக் கூடியது 6. அந்த 31-ஐத் தோண்டினால், அதற்கு முந்தைய தேர்வில் அதே பிள்ளை 58 வாங்கியிருந்தது. அதாவது 31 என்பது ஒரு மோசமான நாள்.

இது ஒரு பிள்ளையின் விஷயம் மட்டுமல்ல. மதிப்பெண் சறுக்கிய உடனேதான் டியூஷனுக்கு அனுப்புவார்கள். காய்ச்சலோ, பழகாத கேள்வியோ, எதனாலோ ஒருமுறை வழக்கத்தைவிடச் சறுக்கியவர் அடுத்த முறை டியூஷன் இல்லாமலே கொஞ்சம் ஏறுவார். அந்த ஏற்றம் முழுவதையும் நம் கணக்கில் எழுதிக்கொள்வதுதான் பெரும்பாலான ‘முன்பு – பின்பு’ விளம்பரங்கள். இதைக் குறைக்க, சேர்வதற்கு முந்தைய இரண்டு தேர்வுகளின் சராசரியைத் தொடக்கமாக எடுக்கலாம். அப்படி எடுத்தால் அந்தப் பிள்ளையின் தொடக்கம் 44.5 ஆகிறது, 47 கூடியது 33.5 ஆகச் சுருங்குகிறது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் வேறு எண். எல்லாருக்கும் இரண்டு பழைய தேர்வு மதிப்பெண் கைவசம் இல்லாததால் விளம்பரத்தில் சராசரியே வேண்டாம், தலை எண்ணிக்கை போதும் என்று முடிவு செய்தோம்: 10 அல்லது அதற்கு மேல் கூடியவர்கள் 9 பேர், பெரிய மாற்றம் இல்லாதவர்கள் 7 பேர், 10 அல்லது அதற்கு மேல் குறைந்தவர்கள் 3 பேர். குறைந்த மூவரை விட்டுவிடத்தான் கை போகும். விட்டால் மொத்தம் 19 வராது, கூட்டிப் பார்க்கிறவர் பிடித்துவிடுவார்.

பிள்ளைகளின் படமும் பெயரும் மொத்த மதிப்பெண்ணும் போட்ட பழைய அட்டையையும் எடுத்தோம். நடத்தியது கணிதம் மட்டும், அட்டையில் நின்றது ஐந்து பாட மொத்தம். அனுமதியையும் யாரிடமும் எழுதி வாங்கியிருக்கவில்லை.

முடிவில் நின்ற விளம்பரம் இது:

“ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணிதம் மட்டும். திங்கள், புதன், வெள்ளி. ஒன்பது: மாலை 5:15 – 6:30. பத்து: 6:45 – 8:00. ஒரு பேட்சில் 8 பேர், ஒவ்வொருவர் நோட்டும் அன்றே பார்க்கப்படும். சேரும் நாளில் 15 நிமிட அடிப்படைக் கணக்குச் சோதனை உண்டு. பின்னம், மைனஸ் கணக்கில் தடுமாறுபவர்களுக்கு இந்த பேட்சின் வேகம் பொருந்தாது. நுழைவுத் தேர்வுப் பயிற்சி இல்லை. கடந்த இரு வருடங்களில் பத்தாம் வகுப்புக்குச் சேர்ந்தவர்கள் 24, இடையில் நின்றவர்கள் 5. தேர்வு எழுதிய 19 பேரில், சேரும் முன் எழுதிய பள்ளித் தேர்வைவிட 10 அல்லது அதற்கு மேல் கூடுதலாகப் பெற்றவர்கள் 9, பெரிய மாற்றம் இல்லாதவர்கள் 7, 10 அல்லது அதற்கு மேல் குறைந்தவர்கள் 3. இந்த விவரம் இக்கல்வியாண்டுக்கு மட்டும்.”

சுவரொட்டிக்கு இது நீளம். அதில் முதல் ஐந்து வாக்கியங்களை மட்டும் போட்டு, மீதியை விசாரிப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஆனால் ரிசல்ட்டைச் சுருக்குகிறேன் என்று ‘9 பேருக்கு 10-க்கு மேல்’ என்பதை மட்டும் சுவரொட்டியில் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். போட்டால் சேர்ந்தவர்கள், நின்றவர்கள் உட்பட எல்லா எண்ணும், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம்.

கடைசி வரியில் கல்வியாண்டு இருப்பதற்குக் காரணம், வாட்ஸ்அப்பில் போன படம் திரும்பி வராது. அடுத்த வருடம் நேரம் மாறிய பிறகும் யாரோ ஒருவர் அதைக் காட்டி 5:15-க்கு வந்து நிற்பார். படத்தில் ஆண்டையும் எண்ணாகவே எழுதிவிடுவது நல்லது. ‘சில இடங்களே உள்ளன’ என்ற வரிக்கு மாற்று எதுவும் எழுதவில்லை. பத்தாம் வகுப்பு பேட்சில் எட்டாவது பிள்ளை சேர்ந்த அன்று, 6:45-க்கு நேரே ‘நிரம்பிவிட்டது’ என்று எழுதி மறுபடி அனுப்பினால் போதும்.