சொன்ன தேதி கடந்த பிறகு

மார்ச் 14, வெள்ளி

வேலை நேர்காணலின் முடிவு பற்றி மாலை வரை ஒன்றும் வரவில்லை.

மார்ச் 15, சனி

இறுதிச் சுற்று முடிந்ததும் ஆள்சேர்ப்பு அலுவலர் சொன்னதை அன்றே குறித்து வைத்திருந்தேன்: "பதினான்காம் தேதிக்குள் எப்படியும் சொல்லிவிடுவோம்." அவர் தயங்காமல் சொன்னார் என்பதுதான் என்னை வாட்டுகிறது. தேதியே சொல்லாமல் விட்டிருந்தால் இந்தச் சனிக்கிழமை வெறும் சனிக்கிழமையாக இருந்திருக்கும்.

இன்றே எழுதிக் கேட்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். அவர் பல ஆண்டுகள் மனிதவளத் துறையில் இருந்தவர். வேண்டாம் என்றார். வெள்ளிக்குள் என்று சொல்லும்போது பெரும்பாலும் முடிவெடுக்கும் கூட்டம் அந்த வாரத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்வார்களாம். கூட்டம் ஒரு நாள் தள்ளிப்போனால் தேதியும் கூடவே தள்ளிப்போகும். ஓரிரு வேலை நாள்கள் இடம் கொடுத்துவிட்டுச் செவ்வாயன்று எழுது என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

நிராகரித்துவிட்டார்கள் என்றே மனம் சொல்கிறது. அக்கா அதை ஏற்கவில்லை. நேர்காணல் செய்த நால்வரில் ஒருவர் தம் மதிப்பீட்டை எழுதித் தராமல் விடுப்பில் போயிருந்தாலே முடிவு நின்றுவிடும். குழு ஒருமனதாக ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகும், அந்தப் பணியிடத்துக்கும் சம்பளத்துக்கும் நிதித் துறையின் ஒப்புதல் வர வேண்டும். ஒப்புதல் கையில் வரும் வரை அலுவலர் வாய் திறக்க முடியாது.

மூன்றாவது காரணத்தை அவர் சற்றுத் தயங்கித்தான் சொன்னார். வேறொருவருக்கு வாய்ப்பை அளித்துவிட்டு, அவர் ஏற்பாரா மாட்டாரா என்று தெரியும் வரை, இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கு ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் வைத்திருப்பது வழக்கமாம். மூன்றுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே, மௌனம். வெளியே இருக்கும் எனக்கு எது என்று பிரித்தறிய வழியில்லை என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் இன்று முழுவதும் முயன்றேன்.

மார்ச் 17, திங்கள்

எழுதவில்லை. கைப்பேசியை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

மார்ச் 18, செவ்வாய்

காலை 10 மணிக்கு அனுப்பினேன். புதிய மடலாக அல்ல. நேர்காணல் நேரத்தை உறுதிசெய்து அந்த அலுவலர் அனுப்பியிருந்த மின்னஞ்சலுக்கே பதிலாக. யார், எந்தப் பணி, எந்தத் தேதி என்று அவர் தேட வேண்டியிருக்காது.

"வணக்கம். தரவுப் பகுப்பாய்வாளர் பணிக்கு மார்ச் 4 அன்று நடந்த இறுதி நேர்காணல் தொடர்பாக எழுதுகிறேன். மார்ச் 14க்குள் முடிவு தெரியும் என்று கூறியிருந்தீர்கள். தேர்வு இப்போது எந்த நிலையில் உள்ளது, முடிவை எப்போது எதிர்பார்க்கலாம் என்று தெரிவிக்க இயலுமா? இப்பணியில் என் ஆர்வம் குறையவில்லை. மேலும் விவரங்கள் தேவையெனில் உடனே அனுப்புகிறேன்."

முதல் வரைவில் இன்னும் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. காத்திருப்பதால் எனக்கு நேரும் சிரமத்தைச் சொன்ன வாக்கியத்தை நானே எடுத்துவிட்டேன். பதில் வராவிட்டால் தேர்வாகவில்லை என எடுத்துக்கொள்கிறேன் என்ற வாக்கியத்தை அக்கா அடித்தார். பதில் எழுதாமலே இருந்துவிட அதுவே அவர்களுக்கு அனுமதியாகிவிடும் என்றார். முடிவு என்ன என்று நேராகக் கேட்காததற்கும் காரணம் உண்டு. முடிவை அந்த அலுவலரால் சொல்ல இயலாமல் இருக்கலாம், ஆனால் தேதியை அவரால் அநேகமாகச் சொல்ல முடியும். சொல்லக்கூடியதைக் கேட்டால் பதில் வரும்.

மார்ச் 19, புதன்

பதில் இல்லை. நேர்காணல் குழுவில் இருந்த ஒருவருக்குத் தனியே செய்தி அனுப்பக் கை நீண்டது. அனுப்பவில்லை. அவர் அதை அந்த அலுவலருக்கே திருப்பிவிடுவார். அலுவலரைத் தாண்டிப் போனவன் என்ற பெயர் மட்டுமே மிஞ்சும்.

மார்ச் 20, வியாழன்

பதில் வந்தது. "தாமதத்திற்கு வருந்துகிறோம். உள் ஒப்புதல் ஒன்று நிலுவையில் உள்ளது. அடுத்த வாரம் தெரிவிக்கிறோம்."

மூன்றே வாக்கியங்கள், அவற்றை எத்தனை விதமாகத்தான் படிப்பது! ஒப்புதல் என்றால் எனக்கான ஒப்புதலா? நிராகரிப்பதற்கு எதற்கு ஒப்புதல்? அக்கா இதிலிருந்து எதையும் கட்டி எழுப்பாதே என்றார். பரிந்துரைப்பவர்களின் தொடர்பு விவரம், சம்பளச் சீட்டு, பணியில் சேரக்கூடிய நாள், இவற்றில் ஒன்றைக் கேட்டால்தான் காரியம் நகர்கிறது என்று பொருளாம். எதையும் கேட்கவில்லை.

நன்றி தெரிவித்து, "27ஆம் தேதி வரை தகவல் இல்லையெனில் தங்களைத் தொடர்பு கொள்ளலாமா?" என்று ஒரு வரி சேர்த்தேன். தாராளமாக என்று உடனே பதில் வந்தது. அடுத்த முறை கேட்பது இனி தொந்தரவாக இருக்காது.

மார்ச் 22, சனி

உள் ஒப்புதல். உள் ஒப்புதல்.

மார்ச் 24, திங்கள்

வேறொரு நிறுவனத்திடமிருந்து பணிநியமனக் கடிதம் வந்துவிட்டது. 28ஆம் தேதிக்குள் கையெழுத்திட வேண்டும். மகிழ வேண்டிய நாளில் நெஞ்சு படபடக்கிறது. முதலில் அவர்களிடமே கூடுதல் அவகாசம் கேட்டேன். 31ஆம் தேதி மாலை வரை தந்தார்கள்.

மார்ச் 25, செவ்வாய்

27 வரை பொறுக்க இனி இடமில்லை. "எனக்கு எழுத்து வடிவில் வேறொரு வாய்ப்பு வந்துள்ளது, 31ஆம் தேதிக்குள் பதிலளிக்க வேண்டும். என் முதல் விருப்பம் தங்கள் பணியே. அதற்கு முன் முடிவு தெரிய வாய்ப்புண்டா?" நிறுவனத்தின் பெயரையோ சம்பளத்தையோ குறிப்பிடவில்லை. கையில் கடிதம் இல்லாமல் இப்படி எழுதக் கூடாது என்பதில் அக்கா உறுதியாக இருந்தார். அவர்கள் "அதையே ஏற்றுக்கொள்ளுங்கள், வாழ்த்துகள்" என்று எழுதிவிட்டால், இல்லாத வேலையைக் கைகாட்டியவருக்கு இரண்டும் இல்லை.

ஒரு மணி நேரத்தில் அலுவலர் தொலைபேசியில் அழைத்தார். குழுத் தலைவரிடம் பேசிவிட்டுச் சொல்வதாகக் கூறினார். குரலில் அவசரம் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 27, வியாழன்

கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பரிந்துரைப்பவர் இருவர், சேரக்கூடிய நாள். கேட்டுவிட்டார்கள்! பரிந்துரைப்பவர்கள் இருவரிடமும் முன்கூட்டியே பேசிவிட்டு விவரங்களை மதியத்துக்குள் அனுப்பினேன்.

அக்கா மகிழ்ந்தார், ஆனால் உடனே எச்சரிக்கவும் செய்தார். இது இன்னும் வேலை அல்ல. கடிதம் கையில் வரும் வரை இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுக்காதே, அந்த இன்னொரு கடிதத்தையும் மறுக்காதே. பரிந்துரை பேசி முடித்த பிறகும் நிதித் துறையில் நின்றுபோன நியமனங்களைத் தாம் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

மார்ச் 29, சனி

பரிந்துரைப்பவர்களில் ஒருவரிடம் நேற்று பேசிவிட்டார்கள். மற்றவரிடம் இன்னும் பேசவில்லை. ஏன்?

மார்ச் 31, திங்கள்

காலை 9.30. கடிதம் இல்லை. நண்பகல் வரை பார்த்துவிட்டு ஒரு முறை அழைப்பேன். கேள்வி ஒன்றுதான்: இன்று மாலை 4 மணிக்குள் எழுத்தில் வருமா? நேரம் சொன்னால் காத்திருப்பேன். "விரைவில்" என்றால் அந்த இன்னொரு கடிதத்தில் 4 மணிக்குக் கையெழுத்திட்டு, அதையும் இவர்களுக்கு அன்றே எழுதித் தெரிவித்துவிடுவேன்.

11.50. அவரே அழைக்கிறார்.