பெட்டி கேஷ் குறைந்தால் செக் எவ்வளவுக்குப் போட வேண்டும்?

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் முன்பண மீட்பு முறை வரும். அங்கே கணக்கு எளிது: சில்லறைச் செலவுக்கென்று ஒரு முன்பணம் கொடுத்து வைப்பார்கள், மாதம் முழுக்க அதிலிருந்து செலவான தொகை எவ்வளவோ, அதே தொகையை முதன்மைக் காசாளர் திருப்பிக் கொடுப்பார், முன்பணம் பழையபடி நிரம்பிவிடும். நான் பி.காம். முடித்து வேலை தேடியபோது எழுதிய தேர்வில் கேள்வி இப்படி வந்தது: "முன்பணம், வவுச்சர் மொத்தம், கையிருப்பு மூன்றும் கொடுக்கப்பட்டுள்ளன. மூன்றும் ஒத்துப்போகவில்லை. மீட்புத் தொகை எவ்வளவு?" நிறையப் பேர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். காவேரிப்பட்டணம் ரோட்டில் ஒரு மாம்பழ பல்ப் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கு இது முழுசாக விளங்கியது. அங்கே பார்த்த ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு சமன்பாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இருக்கும் பணமும், இன்னும் மீட்கப்படாத வவுச்சர்களும், திரும்பி வராத அட்வான்ஸ் சீட்டுகளும் சேர்ந்தால் எந்த நிமிடத்திலும் முன்பணத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். மாதக் கடைசியில் மட்டும் பார்த்தால் போதாது, எந்த நாள் பெட்டியைத் திறந்தாலும் இது பொருந்த வேண்டும்.

சீசன் நேரம். பெங்களூரா மாம்பழ லோடு வரிசையாக வந்துகொண்டிருந்ததால் இறக்குக் கூலி, டீ, ஆட்டோ வாடகை என்று சில்லறைச் செலவு ஓடிக்கொண்டே இருந்தது. முன்பணம் ரூ.10,000. பெட்டி கேஷ் பார்த்த அக்கா நோட்டு வாரியாக எண்ணி எழுதினார்: 500 இரண்டு, 100 நான்கு, 50 இரண்டு, 20 ஐந்து, 10 நான்கு. மொத்தம் ரூ.1,640. சில்லறை ரொக்க ஏட்டின்படி செலவு ரூ.7,730. இரண்டும் சேர்ந்து ரூ.9,370தான் வருகிறது. ரூ.630 குறைகிறது.

இந்த நிலையில் ரூ.7,730க்குச் செக் போட்டால் பெட்டி நிரம்பாது. ரூ.8,360க்குப் போட்டால் பெட்டி நிரம்பிவிடும், ஆனால் ரூ.630 எங்கே போனது என்ற கேள்வி அதோடு புதைந்துவிடும். அதனால் செக் எழுதுவதற்கு முன்னால் தேட வேண்டும். தொடங்கும்போது பெட்டியில் உண்மையிலேயே 10,000 இருந்ததா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். போன முறை ஏதாவது ஒரு வவுச்சரை மேலே நிராகரித்து, செக்கைக் குறைத்துக் கொடுத்திருந்தால், அந்தக் குறை இந்த மாதக் குறையாகத் தெரியும். இங்கே அப்படி எதுவும் இல்லை, தொடக்கம் சரியாகவே இருந்தது.

அடுத்தது கூட்டல். ஏட்டை மறுபடியும் கூட்டுவதை விட, ஏட்டைப் பார்க்காமல் வவுச்சர் காகிதங்களை மட்டும் எடுத்துக் கூட்டுவது நல்லது. அப்படிக் கூட்டியதில் ரூ.7,820 வந்தது. ஏட்டுக்கும் காகிதத்துக்கும் ரூ.90 வித்தியாசம். வித்தியாசம் 9 ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். இது ஒரு துப்பு மட்டுமே, ஒரு சைபர் கூடினாலும் குறைந்தாலும்கூட 9 ஆல் வகுபடும். தேடியதில் ஒரு இறக்குக் கூலி வவுச்சர் 540, ஏட்டில் 450 என்று ஏறியிருந்தது. பெட்டியிலிருந்து 540 வெளியே போயிருக்கிறது, ஏடு 450தான் போனது என்கிறது. அதனால்தான் பெட்டியில் குறைவு தெரிகிறது. திசையை இப்படி யோசித்துப் பார்க்கும் பழக்கம் தேர்வில் மிகவும் உதவும். செலவைக் குறைத்து எழுதினால் ரொக்கம் குறைவாகத் தெரியும், கூட்டி எழுதினால் மிகுதியாகத் தெரியும். இப்போது குறை ரூ.540.

அப்புறம் வரிசை எண். அச்சிட்ட எண்ணுள்ள வவுச்சர் புத்தகமாக இருந்தால் மட்டுமே இது நடக்கும். ஃபைலில் 43க்குப் பிறகு 45 இருந்தது. புத்தகத்தில் 44 கிழிக்கப்பட்டிருந்தது. கேட் ரிஜிஸ்டரைப் பார்த்தோம். அட்டைப்பெட்டி ஏற்றி வந்த ஒரு குட்டியானை அன்றைக்கு உள்ளே வந்திருக்கிறது. வாடகை ரூ.350 கொடுத்தாகிவிட்டது, கையெழுத்து வாங்கப் போன வவுச்சர் வண்டியிலேயே தங்கிவிட்டது. மறுநாள் கையெழுத்தோடு வந்ததும் குறை ரூ.190 ஆனது.

அடுத்து, அட்வான்ஸ். எனக்குத் தெரிந்து பாதிக் குழப்பம் இதில்தான் வருகிறது. கம்பெனி டிரைவர் ரூ.500 வாங்கிக்கொண்டு போய், ரூ.370க்கு பில் கொண்டுவந்தார். பில்லை வாங்கி வவுச்சர் போட்டு, அட்வான்ஸ் சீட்டைக் கிழித்தாயிற்று.

"மீதி 130 எங்கண்ணா, கொடுத்தீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"அடுத்த ட்ரிப்புக்கு வேணுமேன்னு கையிலயே வச்சிருக்கேம்மா."

அவர் உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் பாருங்கள், சீட்டு இருந்தவரை 500 முழுதும் கணக்கில் இருந்தது. சீட்டைக் கிழித்த நிமிடமே 130க்குப் பெட்டியில் எந்தச் சாட்சியும் இல்லாமல் போனது. பில்லும் மீதிப் பணமும் இரண்டும் கைக்கு வந்த பிறகுதான் சீட்டைக் கிழிக்க வேண்டும்.

மீதம் ரூ.60. எவ்வளவு தேடியும் காரணம் கிடைக்கவில்லை. சில்லறை கொடுக்கும்போது கை தவறியிருக்கலாம். இதை யாரும் சொந்தப் பணத்தைப் போட்டு நிரப்பக் கூடாது. நிரப்பினால் அடுத்த முறை மிகுதி வரும்போது எடுத்துக்கொள்ளவும் தோன்றும், பிறகு பெட்டியின் எண்ணிக்கைக்கு அர்த்தமே இருக்காது. மேனேஜரிடம் ஒப்புதல் வாங்கி, ரொக்கக் குறைவு என்ற கணக்கில் போட்டோம். கேள்வியில் "குறைவுக்குக் காசாளரே பொறுப்பு" என்று கொடுத்திருந்தால் மட்டும் அது நட்டமாகாது, காசாளரிடமிருந்து வர வேண்டிய தொகையாகப் பற்று வைக்க வேண்டும்.

சரி, இப்போது செக். வவுச்சர்கள் 7,820 + 350 = ரூ.8,170. பெட்டியில் 1,640 + 130 = ரூ.1,770. முன்பணத்திலிருந்து கையிருப்பைக் கழித்தால் ரூ.8,230. வவுச்சரோடு குறைவைக் கூட்டினாலும் 8,170 + 60 = ரூ.8,230. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் கூட்டல் கழித்தலில் எதுவும் தவறவில்லை என்று அர்த்தம். விடைத்தாளில் இரண்டு வழியையும் எழுதிக் காட்டுங்கள். பதிவு எழுதும்போது செலவுக் கணக்குகளையும் ரொக்கக் குறைவையும் பற்று வைத்து, சில்லறை ரொக்கக் கணக்கை ரூ.8,230க்கு வரவு வைக்க வேண்டும். பிறகு சில்லறை ரொக்கத்தைப் பற்று வைத்து வங்கியை வரவு வைத்தால் முன்பணம் 10,000க்கு வந்துவிடும். செக் போட்டதும் எல்லா வவுச்சரிலும் "செலுத்தப்பட்டது" என்று சீல் குத்திவிடுங்கள், இல்லையென்றால் அதே காகிதம் அடுத்த மாதக் கட்டில் மறுபடி ஏறிவிடும்.

இந்த முறைக்கு ஒரு எல்லையும் உண்டு. ரூ.200க்கு டீ வாங்கி ரூ.300க்கு வவுச்சர் எழுதி, 100ஐ வெளியே எடுத்துக்கொண்டால் பெட்டி துல்லியமாகச் சமமாகவே இருக்கும். அதைச் சமன்பாடு கண்டுபிடிக்காது. கடைக்காரரின் பில்லும், கேட் ரிஜிஸ்டரும், சொல்லாமல் கொள்ளாமல் போய் எண்ணிப் பார்ப்பதும்தான் அதைப் பிடிக்கும். "முன்பண மீட்பு முறையின் குறைபாடு என்ன?" என்று கேட்டால் இதை எழுதலாம்.