எழுத்தில் 6, வேண்டியது 6.5: ரீமார்க் நாட்குறிப்பு

2025 ஜூன் 10, கிருஷ்ணகிரி

காலை ஏழு மணிக்கு போன். காவேரிப்பட்டணத்துப் பொண்ணு, ஓசூரில் நர்ஸ், நைட் டூட்டி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். "மிஸ், ரிசல்ட் வந்துடுச்சு. ரைட்டிங் ஆறுதான்." அதற்கு மேல் பேச முடியவில்லை அவளால்.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதியிருந்தாள். கேட்டலில் 7.5, வாசிப்பில் 7, பேச்சில் 7, எழுத்தில் 6. சராசரியாக மொத்தம் 7. பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் கேட்பது மொத்தம் 7, எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7. ஆக, எல்லாம் இருக்கிறது, எழுத்தில் அரை பேண்ட், அதாவது அரை மதிப்பெண் தவிர. எட்டு மாதமாக நைட் டூட்டி முடிந்து நேராக என் வீட்டு மாடிக்கு வந்து, கண்ணெரிய எழுதிப் பழகியவள். எனக்கே தொண்டை அடைத்துவிட்டது.

மதியம் அவள் அண்ணன் பேசினார். "ரீமார்க் போட்டுடலாங்களா மிஸ்? எத்தனை ரூபாயானாலும் பரவாயில்லை." இன்று முடிவு செய்ய வேண்டாம், நாளை அவளை வரச் சொல்லுங்கள் என்றேன். ரீமார்க் என்றால் எழுதியதை மறுபடி திருத்தச் சொல்லிக் கேட்பது, அவர் நினைப்பது போல பணத்தைக் கட்டிவிட்டு அதிர்ஷ்டத்துக்குக் காத்திருக்கிற விஷயம் இல்லை. என்ன எழுதினாள் என்று தெரியாமல் நான் எதுவும் சொல்ல முடியாது.

2025 ஜூன் 11

வந்ததும் முதல் வேலையாக, தேர்வில் எழுதிய கட்டுரையை நினைவிலிருந்து எழுதச் சொன்னேன். நாலு நாள்தான் ஆகியிருக்கிறது, இன்னும் ஒரு வாரம் போனால் நினைவு தனக்குப் பிடித்த மாதிரி கட்டுரையைத் திருத்திக்கொள்ளும். ரிசல்ட் வந்தவர்கள் யாராக இருந்தாலும் உடனே செய்ய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்த விடைத்தாள் நம் கைக்குத் திரும்பி வருவதே இல்லை, எதில் எவ்வளவு குறைந்தது என்ற விவரமும் வராது. ஒற்றை எண் மட்டும்தான் வரும்.

கேள்வி இதுதான்: அரசு நோய்க்கு மருத்துவம் பார்க்கச் செலவிட வேண்டும் என்கிறார்கள் சிலர், நோய் வராமல் தடுக்கச் செலவிட வேண்டும் என்கிறார்கள் சிலர், இரண்டு பக்கத்தையும் பேசி உன் கருத்தையும் சொல். நர்ஸுக்குக் கிடைத்த கேள்வி! இரண்டு பத்தியும் பிரமாதமாக எழுதியிருக்கிறாள், சர்க்கரை நோய் முகாம், டயாலிசிஸ் செலவு என்று உதாரணங்களோடு. ஆனால் கடைசியில் ஒரே ஒரு வரி: இரண்டுமே முக்கியம்.

"உன் கருத்து எங்கேம்மா?" என்றேன். தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுதான் மிஸ் என் கருத்து."

இரண்டும் முக்கியம் என்பதும் ஒரு கருத்துதான், தப்பில்லை. ஆனால் அதை முதல் பத்தியிலேயே சொல்லி, ஏன் என்று விளக்கி, கட்டுரை முழுக்க இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். 7 வாங்க, எழுதுகிறவரின் நிலைப்பாடு தெளிவாகவும் விளக்கத்தோடும் இருக்க வேண்டும் என்பது மதிப்பெண் விதியிலேயே இருக்கிறது. கடைசியில் ஒட்டிய வரிக்கு 6 போட்ட தேர்வாளரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தது, பத்திக்குப் பத்தி 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்'. இதில் என் பங்கும் உண்டு. ஆரம்பத்தில் இணைப்புச் சொற்கள் பழகட்டும் என்று நான்தான் கொடுத்தேன், அப்புறம் குறைக்கச் சொன்னது அவள் கைக்குப் போய்ச் சேரவில்லை. கோர்வையில் அதனால் 6 தாண்டாது.

2025 ஜூன் 12

அண்ணனும் தங்கையும் சேர்ந்து வந்தார்கள். கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

எழுத்துத் தேர்வில் இரண்டு பகுதி. ஒவ்வொன்றையும் நான்கு விதமாகப் பார்க்கிறார்கள்: கேட்டதற்குப் பதில் சொன்னாயா, கோர்வை, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம எடை. ஆனால் இரண்டாம் பகுதியான கட்டுரைக்கு, முதல் பகுதியைப் போல இரண்டு மடங்கு எடை. எனவே மொத்தத்தைப் பன்னிரண்டு பங்காக நினைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் ஒவ்வொரு அளவுகோலுக்கும் இரண்டு பங்கு, முதல் பகுதியின் ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு. அரை பேண்ட் உயர ஆறு பங்கு வேண்டும். கட்டுரையில் மட்டும் என்றால், நான்கில் மூன்று அளவுகோல்கள் ஒவ்வொரு பேண்ட் ஏற வேண்டும்.

இதில் எது ஏறும்? ரீமார்க்கில் மூத்த தேர்வாளர் பார்ப்பது அதே கட்டுரையைத்தான். கருத்து இல்லாத கட்டுரையில் கருத்து முளைக்காது, 'மோர்ஓவர்' மறைந்துவிடாது. ஆக, பதில், கோர்வை இரண்டும் நகராது. நகரக்கூடியது சொல்வளமும் இலக்கணமும்தான், ஏனென்றால் இவளுடையது 6-க்கும் 7-க்கும் நடுவில் நிற்கிறது, தப்பில்லாத வாக்கியங்கள் நிறைய, ஆனால் 'தி', 'எ' விடுபடுவதும் நிறைய. ஒருவர் 6 என்பார், இன்னொருவர் 7 என்பார், இரண்டுமே நியாயம். அவை இரண்டும் இரண்டு பகுதியிலும் ஏறினால் நாலும் இரண்டும் ஆறு பங்கு. அதாவது எல்லாமே நம் பக்கம் சாய வேண்டும். முதல் மதிப்பெண்ணே கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் குறைவாக ஏறினாலும் போதும், ஆனால் அது நம் கண்ணுக்குத் தெரியாது.

"வாசிப்பு ஏழு, கேட்டல் ஏழரை, எழுத்து மட்டும் ஆறா?" என்று அண்ணன் விடவில்லை. அது நல்ல கேள்விதான். ஆனால் அப்படிப் பெரிய இடைவெளி தெரிந்தால் ரிசல்ட் வெளியிடும் முன்பே இன்னொரு தேர்வாளர் பார்க்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. அதனால் இடைவெளி மட்டுமே காரணமாகாது.

தருமபுரி மருந்தாளுநர் ஒருவருக்கு முன்பு ஏறியது, அரை பேண்ட், கட்டிய பணமும் திரும்பி வந்தது. அவர் கட்டுரையை நினைவிலிருந்து எழுதிக் காட்டியபோது கேள்வியின் எந்தப் பகுதியும் விடுபடவில்லை, கருத்து முதல் வரியிலேயே இருந்தது. அவருக்கு நானே போடச் சொன்னேன். இவளுக்குச் சொல்ல மாட்டேன் என்றேன். அவளே, "போடாம விட்டா எனக்கு மனசு ஆறாது மிஸ்" என்றாள். சரி, அவள் பணம், அவள் முடிவு. ஆனால் ஒரு நிபந்தனை: இன்றே போட வேண்டும், காத்திருக்கும் நாளில் எழுதுவதை நிறுத்தக் கூடாது.

2025 ஜூன் 13

விண்ணப்பித்தாயிற்று, எழுத்துக்கு மட்டும். வாசிப்பும் கேட்டலும் விடைக்குறிப்பை வைத்துத் திருத்துவது, அங்கே கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

அவசரப்படுத்தியதற்குக் காரணம் நாள் கணக்கு. ரீமார்க் கேட்க, தேர்வு நாளிலிருந்து ஆறு வாரம் இருக்கிறது. அதை நம்பித்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். முடிவு வர 21 நாள் வரை ஆகலாம். 42-ஆம் நாள் போட்டால் 63-ஆம் நாள் பதில். கணினித் தேர்வு எழுதியவர்கள் ஒரே ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம் என்று இருக்கிறதே, அதற்கான கெடு 60 நாள். அது கையை விட்டுப் போயிருக்கும்.

2025 ஜூன் 20

மழை வரும் போல இருக்கிறது. மாங்கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள் தெருவையே மறித்து நிற்கின்றன.

பர்கூர்ப் பையன் வந்தான், ஆஸ்திரேலியாவில் மேற்படிப்பு, பேச்சில் 5.5, வேண்டியது 6. தேர்வாளருக்குத் தன் உச்சரிப்பு புரியவில்லை, அதனால் ரீமார்க் என்கிறான். "ரெண்டு நிமிஷம் பேசச் சொன்னாங்களே, எவ்வளவு நேரம்ப்பா பேசின?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, "நாப்பது செகண்ட் இருக்கும் மிஸ். மேல பேசுங்கன்னு கையைக் காட்டினாரு, தட்ஸ் ஆல்னு சொல்லிட்டேன்."

பேச்சுத் தேர்வு முழுக்கப் பதிவாகிறது, ரீமார்க்கில் கேட்பது அந்தப் பதிவைத்தான். பதற்றம், முந்தைய இரவு தூக்கமில்லை, எதுவும் அதில் இருக்காது, நாற்பது செகண்டுக்குப் பின் வரும் மௌனம் இருக்கும். நம் ஊர் உச்சரிப்புக்காக யாரும் குறைப்பதில்லை, புரிகிறதா என்பதுதான் அளவு. பேச்சிலும் நான்கு அளவுகோல், ஒவ்வொன்றும் கால் பங்கு, அரை பேண்டுக்கு இரண்டு ஏற வேண்டும். சரளத்தில் ஏறவே ஏறாது. அந்தப் பணத்தை ஒரு பகுதி மட்டும் திரும்ப எழுதுவதற்கு வைத்துக்கொள், ஆனால் உன் பல்கலைக்கழகம் அதை ஏற்கிறதா என்று முதலில் மெயில் போட்டுக் கேள் என்றேன். மெயிலை இங்கேயே உட்கார்ந்து அனுப்பினான்.

2025 ஜூலை 1

பதில் வந்துவிட்டது. மாற்றமில்லை. 6.

அழவில்லை. "நீங்க சொன்னதுதான் மிஸ்" என்றாள், அதைக் கேட்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சரியாகச் சொன்னதில் எந்த சந்தோஷமும் இல்லை.

அப்புறம் அவளுக்கு இருக்கிற நல்ல வழியைப் பேசினோம். நர்சிங் கவுன்சில் 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளைச் சேர்த்துப் பார்க்கிறது. இரண்டிலும் எழுத்து 6-க்குக் குறையக் கூடாது, மற்றவை 6.5-க்குக் குறையக் கூடாது. அவள் ஜூன் தேர்வு அந்த அடிமட்டத்தைத் தாண்டி நிற்கிறது, மூன்று 7-கள் கையில் இருக்கின்றன. அடுத்த முறை எழுத்தில் 6.5, மற்ற மூன்றில் 6.5 போதும். எல்லாவற்றையும் மறுபடி 7-க்கு இழுக்க வேண்டியதில்லை.

2025 ஜூலை 3

ஆகஸ்டில் பெங்களூரில் தேதி எடுத்துவிட்டாள். இன்று டூட்டி முடிந்து வந்து, அதே மருத்துவச் செலவுக் கேள்வியைத் திரும்ப எழுதினாள். முதல் பத்தியின் இரண்டாவது வாக்கியத்திலேயே, தடுப்புக்குத்தான் முதலில் பணம் போக வேண்டும் என்று தன் வார்டில் பார்த்ததை வைத்து எழுதியிருந்தாள். 'மோர்ஓவர்' ஒரே ஒரு இடத்தில் இருந்தது. அதையும் பென்சிலால் அடித்துவிட்டு நாளைக்கு அடுத்த கேள்வி கொடுங்கள் என்றாள்.