தீபாவளி கழியட்டும் என்று சொன்ன வாய்

ஜூலை 19, சனி

ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. பெருமாள்புரத்திலிருந்து பாளையங்கோட்டை. ஆட்டோ ஏறினால் உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் வீடு வந்துவிடும். அதற்கு இரண்டு பெட்டி, ஒரு தூக்குவாளி முறுக்கு, அப்பா நேரில் வந்து அழைப்பு. ஆடியில் தங்கினால் பிள்ளை சித்திரை வெயிலில் பிறக்கும் என்று தலை ஆடிக்குப் பெண்ணைப் பிரித்துக் கூட்டிவந்து வைப்பது வழக்கம். கல்யாணமாகி இந்த ஆறு மாதத்தில், எங்களுக்கு இப்போது பிள்ளை வேண்டாம் என்று இரண்டு குடும்பமும் ஒருமனதாக இருப்பது இந்த ஒரு மாதம் மட்டும்தான்.

ஆவணி பிறந்தால் மறுபடி ஆரம்பிக்கும். அதிலும் எங்களுக்கு ஒரு கெடு வேறு இருக்கிறது. அதை வாங்கிக் கொடுத்தது வீட்டுக்காரர்தான். மே மாதம் அம்பாசமுத்திரத்தில் கோயில் கொடைக்குப் போயிருந்தபோது, பந்தியில் வைத்து அவருடைய பெரியம்மை, "என்னப்பா, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்கள். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தீபாவளி கழியட்டும் பெரியம்ம" என்றார். சும்மா வாயை அடைக்கத்தான் சொன்னார். எதிர்ப்பந்தியில் அப்பளம் வைத்துக்கொண்டிருந்த அத்தை காதில் அது விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அது எழுதி வாங்கிய பத்திரம் மாதிரி. போனில் பேசும்போதெல்லாம் "தீபாவளிக்கு இன்னும் இத்தன மாசம்" என்று ஒரு கணக்கு வரும்.

ஜூலை 27, ஞாயிறு

நெல்லையப்பர் கோயிலில் ஆடிப்பூரத் திருவிழா. காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு நடந்த அன்று அம்மா போய் ஒரு டஜன் பச்சை வளையல் வாங்கி வந்தாள். என் கையில் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அடுக்களையிலிருந்து, "இந்த மாசம் குளிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். வேறு எதற்கும் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறவள் இல்லை.

சாயங்காலம் அவர் வந்தார். ஆடியில் மாப்பிள்ளை வரலாம், சாப்பிடலாம், இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும். மொட்டை மாடியில் உட்கார்ந்து, அத்தையிடம் என்ன சொல்வது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தோம். என் யோசனைதான். பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டிக்கு எழுதிக்கொடுத்துப் பழகிய கை.

முதலில் காரணங்களை எழுதினோம். கல்யாணக் கடன் இருக்கிறது. என் பி.எட். இன்னும் முடியவில்லை. வாடகை வீட்டில் ஒரே படுக்கையறை. எழுதிவிட்டு, அவரையே அத்தையாக உட்காரவைத்து நான் வாசித்தேன். மனிதர் தாயைப் போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு பதில் சொன்னார். கடனா? "பேரப்பிள்ளை பொறக்கட்டும், எஞ் செயின வச்சு நானே அடைக்கேன்." படிப்பா? "நான் வந்து இருந்து வளக்கேன், நீ படி தாயி." வீடா? "நாங்க எட்டுப் பேரு ரெண்டு பத்தியில கெடந்தோம்."

அப்போதுதான் உறைத்தது. காரணம் சொல்வது விலை சொல்வது மாதிரி. சொன்னவுடன் எதிரே இருப்பவர் குறைத்துக் கேட்பார். எல்லாக் காரணத்துக்கும் அத்தை வழி சொல்லிவிட்டால், மிச்சம் இருப்பது எங்கள் பிடிவாதம் மட்டும்தான் என்று ஆகிவிடும். மூன்றையும் அடித்துவிட்டோம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மதியச் சாப்பாட்டின்போது பக்கத்து டேபிள் டீச்சரிடம் நோட்டைக் காட்டினேன். என்னைவிட நான்கு வயது மூத்தவர். அதில் ஒரு வரி இருந்தது: "உடம்புல ஒரு குறையும் இல்ல." அதில் விரலை வைத்து, "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

எனக்குத் தெரியாதுதான். முயற்சியே செய்யாதபோது எப்படித் தெரியும்? அவர் கதையை அப்போதுதான் சொன்னார். அவரும் கல்யாணமான புதிதில் மாமியாரிடம் இதே வரியைச் சொல்லியிருக்கிறார். பிறகு பிள்ளை வேண்டும் என்று ஆரம்பித்தபின் பதினான்கு மாதம் ஆகியும் நிற்கவில்லை. அப்போது அந்த வரியே அவர்மேல் திரும்பியது. "குறை இல்லைன்னியே, பொய்யா சொன்ன?" என்று கேட்டார்களாம்.

டாக்டர் அவருக்குச் சொன்ன கணக்கையும் சொன்னார். 35 வயதுக்குக் கீழே என்றால், தடுப்பு எதுவும் இல்லாமல் ஒரு வருஷம் சேர்ந்திருந்தும் தங்கவில்லை என்றால்தான் பரிசோதனைக்குப் போக வேண்டும். 35 தாண்டியிருந்தால் ஆறு மாதம். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. போகும்போது இரண்டு பேரும் போக வேண்டும். ஆணுக்கு விந்துப் பரிசோதனை ஒன்றுதான் முதலில், அது சுலபமானது. டீச்சர் வீட்டில் அதற்கு மட்டும் ஐந்து மாதம் இழுத்திருக்கிறார்கள்.

"முயற்சி பண்ணிட்டு இருக்கிறவங்களுக்கு உன் பேச்சு உதவாது. 'இப்ப வேண்டாம்னு முடிவு பண்ணிருக்கோம்'னு நான் எப்படிச் சொல்ல? அது பொய். நான் 'சேதி இருந்தா சொல்லுதேன் அத்தை'ங்கிறதோட நிறுத்திக்குவேன்" என்றார். அந்த வரியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். "குறை இல்ல" என்பதை அடித்துவிட்டு "எதையும் மறைக்கல" என்று எழுதினேன். அது உண்மை, நாளைக்கும் உண்மையாக இருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முடிவாக எழுதியது இதுதான். சொல்ல வேண்டியவர் அவர். அவர் அம்மாவிடம் அவர், என் அம்மாவிடம் நான். நான் அத்தையிடம் சொன்னால், எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் மருமகள் வேண்டாம் என்கிறாள் என்றுதான் ஊருக்குப் போகும்.

"ஏம்மா, நீ ஆசையிலதான் கேக்கன்னு தெரியும். எங்களுக்கும் பிள்ள வேணும். இப்ப வேண்டாம்னு நாங்க ரெண்டு பேருஞ் சேந்து முடிவு பண்ணிருக்கோம். உங்கிட்ட எதையும் மறைக்கல. அன்னைக்கு தீபாவளின்னு நான் சொன்னது வாய்க்கு வந்தது, அது தப்பு, அத மறந்துரு. நாள் எதுவும் சொல்ல மாட்டேன். சேதி இருந்தா மொத ஆளா உனக்குத்தான்."

அவ்வளவுதான். இதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று கீழே கோடு போட்டு எழுதியிருக்கிறேன். அவர் பயந்தால் பேசிக்கொண்டே போவார், அப்படித்தான் தீபாவளி வந்தது.

ஒத்திகையில் இரண்டு இடம் சறுக்கியது. ஒன்று, "நாங்க" வர வேண்டிய இடத்தில் "அவ" வந்துவிட்டது. "அவ படிப்பு முடியட்டும்னு..." என்று ஆரம்பித்தார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அவருக்கு ஏன் என்று புரியவில்லை. "அவ" என்றால் உங்கள் அம்மா என்னிடம்தான் பேச வருவார்கள் என்றேன். இன்னொன்று, "கொஞ்ச நாள்தான்" என்று ஒட்டவைத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நாள் என்பதும் ஒரு நாள்தான், அதையும் எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆவணி பிறந்து நான் பெருமாள்புரம் வந்தாயிற்று. காலை செங்கோட்டை ரயிலில் அம்பாசமுத்திரம் போனோம். கல்லிடைக்குறிச்சி வரைக்கும் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது, பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி.

சாப்பாட்டின்போது பேசக் கூடாது என்று தீர்மானித்திருந்தோம். மாமா முன்னால் அத்தை ஒரு மாதிரி, தனியே ஒரு மாதிரி. மத்தியானம் மாமா படுத்தபின், பின்கட்டில் அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தார். நான் நிலைப்படியில் இருந்தேன். கேட்கும்படி இருக்க வேண்டும், ஆனால் கூடப் பேசக் கூடாது.

சொன்னார். "மறந்துரு" என்கிற இடத்தில் குரல் கொஞ்சம் உடைந்தது, மற்றபடி வரிசை தப்பவில்லை. பிறகு நிறுத்தினார். அத்தை கீரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. நான் மனசுக்குள் எண்ணினேன், இருபது வரை வந்தது. அந்த இருபதில் அவர் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

"மாத்திர கீத்திர போடுதியளா?" என்றார்கள் அத்தை. "மொதப் பிள்ளைக்கு முன்னாலயே மாத்திர போட்டா கர்ப்பப்பை கெட்டுப்போகும், பொறவு தங்காது."

இதை எதிர்பார்த்து டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தோம். அவர், "டாக்டர்ட்ட கேட்டாச்சும்மா. மாத்திர, ஆணுறை எதுனாலயும் பின்னால தங்காமப் போகாது. தடுப்பு ஊசி போட்டுக்கிட்டாதான் நிறுத்தின பொறவு சில மாசம் தாமதமாகும், அதுவும் சரியாயிரும்" என்றார். நாங்கள் எதைப் பயன்படுத்துகிறோம் என்று அத்தை கேட்டார்கள். "அது எங்களுக்குள்ள இருக்கட்டும்மா" என்றார். நோட்டில் இல்லாத வரி. நானே எழுதியிருந்தாலும் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

அப்புறம்தான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. பந்தியில் கேட்ட அந்தப் பெரியம்மை கல்யாணமாகி ஆறு வருஷம் யாருக்கும் தெரியாமல் மதுரைக்குப் போய் வைத்தியம் பார்த்தார்களாம். கூடப்பிறந்த அத்தைக்கே கடைசியில்தான் தெரியும். "நீங்களும் அப்படி எதையாவது மறைக்கியளோன்னு ராத்திரி ஒறக்கம் வரல" என்றார்கள். அத்தை கேட்டுக்கொண்டிருந்தது பேரப்பிள்ளையை மட்டுமில்லை. "மறைக்கல" என்ற வரிக்குப் பக்கத்து டேபிள் டீச்சருக்கு ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, "சரி, எனக்குத் தெரிஞ்சாப் போதும். கேக்கவளுக்கு நான் என்ன சொல்ல?" என்றார்கள். அதற்கு எங்களிடம் வரியே இல்லை! அத்தையைக் கேட்க ஊரில் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. நான் நிலைப்படியிலிருந்தே, "'இருந்தா சொல்லாமலா இருப்பேன்'னு சொல்லுங்க அத்தை" என்றேன். ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். பிடித்திருந்தது போல.

செப்டம்பர் 6, சனி

இரண்டு வாரமாக அத்தை போனில் கணக்கு இல்லை. ஒரே ஒரு முறை "தீபாவளி..." என்று ஆரம்பித்து, "...க்கு உனக்குப் பட்டு என்ன கலர் எடுக்க?" என்று முடித்தார்கள். அதற்கு மட்டும் உடனே பதில் சொன்னேன்.

என் அம்மாவிடம்தான் நான் தோற்றுவிட்டேன். அதே பேச்சு, அதே வரிசை. "சரிட்டீ" என்றாள். அடுத்த வாரமே "குளிச்சிட்டியா?" என்றாள். சண்டை போட்டுப் பார்த்தேன், ஒரு நாள் போனை எடுக்காமலும் இருந்தேன். இப்போதெல்லாம் "சேதி இருந்தா மொத உனக்குத்தாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிறேன். போன வாரம் நான்கு தடவை கேட்டாள். இந்த வாரம் ஒன்று.

இன்று அத்தை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கையில் ஒரு பெரிய டப்பா. கறுப்பு உளுந்து வறுத்துத் திரித்த மாவு, ஒரு கொட்டான் கருப்பட்டி, பாட்டிலில் நல்லெண்ணெய். களி கிண்டி, நடுவில் குழி பண்ணி எண்ணெய் ஊற்றி என் கையில் தட்டைக் கொடுத்தார்கள். நான் தட்டையும் அவர்களையும் பார்த்தேன்.

"இடுப்புக்குட்டீ. நாள் பூரா நின்னு பாடம் நடத்துதியே, அதுக்கு. வேற எதுக்கும் இல்ல."

அவருக்கும் ஒரு தட்டு வைத்தார்கள்.