துவரம் பருப்புக்கு வந்த மாற்று

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு மளிகை வாங்கும் செயலியைப் பற்றி எழுத வேண்டும். 180 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பு கேட்டிருந்தேன். இருப்பு இல்லையென்று, வேறு நிறுவனத்தின் அரைக் கிலோ பொட்டலத்தை 98 ரூபாய்க்கு அனுப்பினார்கள். விலை குறைந்ததுபோல் தோன்றினாலும், கிலோவுக்கு 196 ரூபாய் ஆகிறது. ஆகவே மாற்றுப் பொருள் வரும்போது பொட்டலத்தின் விலையை அல்ல, கிலோ விலையைத்தான் ஒப்பிட வேண்டும்.

கேட்ட பொட்டலத்தின் 180 ரூபாய்க்கும் வந்ததன் 98 ரூபாய்க்கும் வித்தியாசம் 82 ரூபாய். ஆனால் ஆயிரம் ரூபாய்க் கொள்முதலுக்கு 100 ரூபாய் கூப்பன் தள்ளுபடி இருந்ததால், அதில் பத்து சதவீதம் கழித்து 73 ரூபாய் 80 காசு திருப்பியது நியாயமான கணக்கே. அந்தத் தொகையை என் வங்கிக் கணக்குக்கு அனுப்பாமல், என்னைக் கேட்காமலே செயலியின் வாலட்டில் போட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உதவிப் பகுதியில் எழுதிக் கேட்ட பிறகே பணம் யூபிஐ வழியாக வந்தது.

காலை 7 முதல் 9 வரை என்று பதிவு செய்த பொருள்கள் பதினொன்றரைக்கு வந்தன. வெங்காயமும் உருளைக்கிழங்கும் அந்தத் தாமதத்தைத் தாங்கும். பிளாஸ்டிக் உறையில் கட்டிய அரைக்கீரை தாங்காது. உறைக்குள் நீர் கோத்து, அடித்தண்டு வழவழத்திருந்தது. டெலிவரி செய்த தம்பி நிற்கும்போதே படம் எடுத்ததால் கீரைக்கான பணம் தடையின்றிக் கிடைத்தது. இப்போது பருப்புக்கும் எண்ணெய்க்கும் 'மாற்று வேண்டாம்' என்று குறித்துவிடுகிறேன். கீரையை மார்க்கெட்டிலேயே வாங்குகிறேன்.