மும்பை மாரத்தான்: ஃபினிஷ் லைன் படத்துக்கு நாலு வரி

மும்பை மாரத்தானில் பொது ஓட்டக்காரர்களுக்கான ஃபுல் மாரத்தான், ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில் விடிகாலை 5 மணிக்குச் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் அருகே கிளம்பும். ஐந்து மணி நேரம் எடுப்பவர் திரும்பி வரும்போது பத்து மணி வெயில் உச்சியில் இறங்கிக்கொண்டிருக்கும். தொப்பியின் நிழல் பாதி முகத்தை மறைத்திருக்கும். காது ஓரத்தில் வியர்வை காய்ந்து உப்பாக வெளுத்திருக்கும். படத்தில் இவ்வளவு தெரியும்போது "செம டயர்டு" என்று கீழே எழுதுவது வீண். இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழே போடும் நாலு வரி, படத்தில் இல்லாததை எழுதத்தான்.

முதலில் படம். பெரும்பாலான ஃபினிஷ் லைன் படங்களில் ஆள் குனிந்து கைக்கடிகாரத்தை அமுக்கிக்கொண்டிருப்பார், உச்சந்தலைதான் விழும். பத்தடி தாண்டி அமுக்கினால் குடி முழுகிவிடாது. நேரத்தைக் கணக்கிடுவது, நெஞ்சில் குத்தியிருக்கும் எண் அட்டையான பிப்பின் பின்னால் ஒட்டியிருக்கும் சிப்.

அடுத்து எண். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். முடிவுக் கோட்டு வளைவின் மேலே எரியும் கடிகாரம் துப்பாக்கி வெடித்ததிலிருந்து ஓடும் நேரத்தைக் காட்டும். பின் வரிசையில் நின்றவர் தொடக்கக் கோட்டை மிதிக்கவே சில நிமிடம் பிடிக்கும். படத்தில் 5:12:40 என்று இருக்கிறது, தொடக்கக் கோட்டைத் தாண்ட 8 நிமிடம் 22 வினாடி ஆனது என்றால், அவருடைய நெட் டைம் 5:04:18. எழுத வேண்டியது அதைத்தான். படத்துக்கும் எழுத்துக்கும் எண் ஏன் ஒத்துவரவில்லை என்று யாராவது கேட்பார்கள்; "நெட்" என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். கைக்கடிகாரம் 42.7 கிலோமீட்டர் என்று காட்டினாலும் அதை எழுத வேண்டாம். பாதையை அளப்பது வளைவுகளின் மிகக் குறுகிய கோட்டில். கூட்டத்தில் விலகி விலகி ஓடினால் தூரம் கூடும். உயரக் கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ்ஸும் தடுமாறும். தூரம் 42.195 தான்.

பெருமைக்கு அந்த இரண்டு எண்களே போதும். "சாதித்துவிட்டேன்", "முடியாதது எதுவுமில்லை" என்று பக்கத்தில் எழுதியதுமே எண் சின்னதாகிவிடுகிறது.

இனி நன்றி. கைதட்டல் பாதை முழுக்க ஒரே மாதிரி இருக்காது. பாந்திரா-வொர்லி கடல் பாலத்தில் மற்ற நாட்களில் நடந்து போகவே அனுமதி இல்லை; ஓட்ட நாளிலும் அங்கே வேடிக்கை பார்க்கும் கூட்டம் கிடையாது. காற்றும் காலடிச் சத்தமும்தான். திரும்பும் வழியில், 35 கிலோமீட்டர் தாண்டிய பிறகு, பெடர் ரோடு ஏற்றம். வேறொரு நாளில் அது ஏற்றமாகவே தோன்றாது. அந்த நேரத்தில் தொடை இறுகிப்போயிருக்கும், பாதிப் பேர் நடப்பார்கள். அங்கேதான் அடுக்குமாடிக் குடும்பங்கள் குழந்தைகளோடு தெருவில் இறங்கி ஆரஞ்சுச் சுளை, பிஸ்கட் என்று நீட்டுகிறார்கள். பிப்பில் பெயர் இருந்தால் அதைப் படித்துக் கூப்பிடுவார்கள். முன்பின் தெரியாதவர் வாயில் நம் பெயர்!

ஆகவே "ஆதரவளித்த அனைவருக்கும் நன்றி" என்று எழுதினால் அது யாரையும் தொடாது. இடம், கை, பொருள் மூன்றும் வரட்டும். வீட்டார் பெரும்பாலும் முடிவுக் கோடு வரை வர முடியாது, வழியில் எங்கோதான் நின்றிருப்பார்கள். அந்த இடத்தைச் சொல்லுங்கள். முதலில் இப்படி எழுதத் தோன்றும்:

"கனவு நனவானது! வலியைத் தாண்டினால் வெற்றி. அனைவருக்கும் நன்றி."

எந்த ஊரில், எந்தப் பந்தயத்தில் ஓடியவரும் இதைப் போடலாம். அதே ஆள், அதே படம், இன்னொரு முறை:

"பெடர் ரோடு ஏற்றத்தில் ஆரஞ்சுச் சுளை நீட்டிய குட்டிக் கைக்கு நன்றி. நின்றுவிட இருந்தேன்.
மாஹிமில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்த அக்காவுக்கும்.
மும்பை, 42.195 கி.மீ., நெட் 5:04:18. முதல் ஃபுல்."

நன்றி மேலே, எண் கீழே. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிதான் வெளியே தெரியும், மீதி மடிந்துவிடும். எண் மடிப்புக்குள் போனால் நஷ்டமில்லை, தேடுபவர் திறந்து பார்ப்பார். "நின்றுவிட இருந்தேன்" என்ற இரண்டு சொல்லில் களைப்பு முழுதும் வந்துவிட்டது.

மெடலைக் கழுத்தில் மாட்டிய கையோடு இதை எழுத உட்கார வேண்டாம். விரல் நடுங்கும், தட்டச்சு பிழைக்கும், முடிவுப் பட்டியலில் நேரமும் உறுதியாகியிருக்காது. குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, மாலையில் போடலாம். இடக்குறியாக எல்லோரும் சிவாஜி டெர்மினஸைத்தான் போடுவார்கள். பெடர் ரோடு என்று போட்டுப் பாருங்கள். சுளை நீட்டிய வீட்டுக்காரர் யாராவது அன்றிரவு அந்தப் பெயரைத் தட்டித் தேடிக்கொண்டிருக்கலாம்.