கோடு ஒன்று, புள்ளி இரண்டு: பள்ளி ஆலோசகர்களுக்கு ஸ்லைடு தயாரித்த அனுபவம்

பள்ளி ஆலோசகர்களுக்கான பயிற்சியில் ஸ்ட்ரெஸ்-வல்னரபிலிட்டி மாடலை விளக்கும் பகுதி என் தலையில் விழுந்தது. உளவியல் படித்தவர்களுக்கு இது பழைய பாடம். 1977-இல் ஜோசப் ஜூபின், பானி ஸ்பிரிங் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயைப் பற்றி எழுதிய கட்டுரையில் வந்தது. பாதிப்புக்கு ஆளாகும் தன்மை எல்லோருக்கும் ஏதோ ஓர் அளவில் உண்டு. ஒருவருக்குத் தாங்க முடிகிற எல்லையை நெருக்கடி தாண்டும்போது நோய் வெளிப்படுகிறது. சொல்லப்போனால் இவ்வளவுதான்.

சுருக்கமாக இருப்பதுதான் சிக்கல். இந்த இரண்டு வரியை மட்டும் ஸ்லைடில் போட்டால், கேட்பவர் மனதில் "வீக்கான பிள்ளை, வீக்கான குடும்பம்" என்றுதான் பதியும். அதனால் வாசகங்களைக் குறைத்து, அந்தக் கட்டுரையில் உள்ள வரைபடத்தையே முதுகெலும்பாக வைத்துக்கொண்டேன். கிடைக்கோட்டில் பாதிப்புத்தன்மை, இடமிருந்து வலமாகக் கூடும். செங்குத்துக் கோட்டில் நெருக்கடி, கீழிருந்து மேலாகக் கூடும். நடுவே இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு இறங்கும் ஒரு வளைகோடு. கோட்டுக்கு மேலே நோய், கீழே நலம்.

முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் காட்டவில்லை. முதல் கிளிக்கில் இரண்டு அச்சுகள் மட்டும். அடுத்ததில் ஒரே உயரத்தில் இரண்டு புள்ளிகள், ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். "ரெண்டு பேருக்கும் அரையாண்டுத் தேர்வு ஒன்றுதான், ஹாஸ்டலும் ஒன்றுதான். ஒருத்தன் மட்டும் ஏன் உடைகிறான்?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினேன். ஆலோசகர்கள் அவரவர் பள்ளியில் பார்த்ததைச் சொல்லத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் வளைகோடு வந்தது. இடப்பக்கப் புள்ளி கோட்டுக்குக் கீழே, வலப்பக்கப் புள்ளி மேலே. பத்து நிமிடம் பேசினால் புரியவைக்க முடியாததை அந்த ஒரு கோடு புரியவைத்தது. (ஸ்லைடில் யூனிகோட் எழுத்துரு போடுங்கள். பழைய எழுத்துரு பயிற்சி அரங்கின் கணினியில் இல்லாவிட்டால் எழுத்துகள் குழம்பித் தெரியும்.)

வாளிப் படத்தையும் பலர் பயன்படுத்துகிறார்கள். வாளியின் அளவு தாங்குதிறன், விழுகிற தண்ணீர் நெருக்கடி, அடியில் உள்ள குழாய் சமாளிக்கும் வழி. பெற்றோரிடம் பேச அது நல்ல படம். ஆனால் ஆலோசகர்களுக்கு நான் வரைபடத்தைத்தான் வைத்தேன். வாளியைப் பார்த்தால் அதன் அளவு பிறவியிலேயே முடிவானது போலத் தோன்றும். ஜூபினும் ஸ்பிரிங்கும் சொன்னது அது அல்ல. பாதிப்புத்தன்மையில் பிறவியில் வருவதும் உண்டு, பின்னால் சேர்வதும் உண்டு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த இரண்டாவது பட்டியலில் பிரசவகாலச் சிக்கல், அதிர்ச்சி, குடும்ப அனுபவம் எல்லாம் வருகின்றன. வளரிளம் வயதில் சக மாணவர்களிடம் பட்டதும் அதில் இருக்கிறது. அதற்குத் தனி ஸ்லைடே ஒதுக்கினேன். வகுப்பில் கேலிக்கு ஆளாவதைப் பள்ளியில் இருப்பவர்கள்தானே தடுக்க முடியும்!

அந்த ஸ்லைடு முடிந்ததும், எதிர்பார்த்த கேள்வியை ஓர் ஆசிரியை கேட்டார். "சார், அப்போ ஃபேமிலி ஹிஸ்டரி இருக்கிற பிள்ளைகளை முன்னாடியே லிஸ்ட் எடுத்துடலாமா?" அக்கறையில் எழுந்த கேள்விதான், ஆனால் ஆபத்தானது. பெற்றோரில் ஒருவருக்கு ஸ்கிசோஃப்ரினியா இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் பத்து. பொதுவாக மக்களிடையே அது நூற்றில் ஒன்றை ஒட்டி இருக்கும். பத்து மடங்கு என்று சொன்னால் பயமாக இருக்கிறது. நூற்றில் தொண்ணூறு பேருக்கு வருவதில்லை என்று சொன்னால் லிஸ்ட் எடுப்பது எவ்வளவு அபத்தம் என்று தெரிகிறது. ஸ்லைடில் நூறு சிறு வட்டங்கள் வரைந்து பத்தை மட்டும் வண்ணமாக்கியிருந்தேன். இன்னொன்றையும் சொன்னேன்: அந்த வளைகோடு யாரும் அளந்து போட்டதல்ல. கருத்தைக் காட்ட வரைந்த கோடு. எந்தப் பிள்ளையின் புள்ளி எங்கே என்று எண்ணில் சொல்ல நம்மிடம் கருவி கிடையாது.

பிறகு ஒரு மாணவனை எடுத்துக்கொண்டோம். பலரைக் கலந்து நான் உருவாக்கிய கற்பனை மாணவன்தான். பிளஸ் ஒன், ஜூனில் ஹாஸ்டலுக்கு வருகிறான். தாய்மாமனுக்கு நீண்டகாலமாக மனநோய். ஜூலையில் இரவு இரண்டு மணி வரை தூங்காமல் இருக்கிறான். ஆகஸ்டில் மெஸ்ஸில் தனியாக உட்காருகிறான். செப்டம்பர் காலாண்டில் மதிப்பெண் சரிகிறது, வீட்டில் திட்டு. அக்டோபரில், பின்வரிசைப் பையன்கள் தன்னைப் பற்றியே சிரிக்கிறார்கள் என்கிறான். நவம்பரில், யாரும் இல்லாத அறையிலும் தன் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்கிறது என்கிறான்.

எது நெருக்கடி என்று குழுக்களாகப் பிரித்துக் கேட்டேன். எல்லாக் குழுவும் முதலில் எழுதியது "மார்க் குறைந்தது". மாதங்களை வரிசையாகப் பார்க்கச் சொன்னேன். தூக்கம் கெட்டது ஜூலையில், மார்க் சரிந்தது செப்டம்பரில். மார்க் சரிந்ததே தொடங்கிவிட்ட தொல்லையின் விளைவாக இருக்கலாம், அதற்காகக் கிடைத்த திட்டு புது நெருக்கடியாகி மேலும் தள்ளியிருக்கலாம். நெருக்கடி எப்போதும் வெளியிலிருந்துதான் வருகிறது என்று இந்த மாடலைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்வது உண்டு. அதனால் நோயிலிருந்து நெருக்கடிக்குத் திரும்பும் ஓர் அம்புக்குறியைப் படத்தில் சேர்த்திருந்தேன். அரங்கில் அதிக நேரம் பேச்சு ஓடியது அந்த அம்புக்குறியைச் சுற்றித்தான்.

அடுத்து, ஆலோசகர் எதை நகர்த்த முடியும் என்ற கேள்வி. தாய்மாமனின் நோயை யாரும் மாற்ற முடியாது. ஆனால் புள்ளியைக் கீழே இறக்கலாம்: வார்டனிடம் பேசித் தூங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துவது, சிறப்பு வகுப்புச் சுமையைக் கொஞ்ச நாளைக்குக் குறைப்பது, மார்க்குக்காகத் திட்டுவதை நிறுத்தும்படி வீட்டில் சொல்வது. இன்னொரு வழி, கோட்டையே மேலே தூக்குவது. நம்பிப் பேச ஓர் ஆள், நெருக்கடியைச் சமாளிக்கும் பழக்கம், தேவைப்படும்போது மருந்து. பாதுகாக்கும் காரணிகள் என்று பின்னால் வந்தவர்கள் இந்த மாடலில் விரிவாகச் சேர்த்தது இவற்றைத்தான். இங்கே கோடு மெதுவாக மேலே நகரும்படி அனிமேஷன் வைத்தேன். கொஞ்சம் விளையாட்டுத்தனம்தான், ஆனால் சிவப்புப் பகுதியில் இருந்த புள்ளி இடம் மாறாமலேயே பச்சைப் பகுதிக்கு வந்துவிடுவது கண்ணில் தெரிந்தது.

ஒரு வரம்பை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டேன். நவம்பர் மாத நிலையில் இருப்பவனை "ஸ்ட்ரெஸ் குறைந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்கக் கூடாது. குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் வலுப்பது, நாள்கணக்கில் தூக்கமே இல்லாமல் போவது, இவை தெரிந்தால் தாமதமில்லாமல் பெற்றோரை அழைத்து மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சாவதைப் பற்றிப் பேசினால் மருத்துவரிடம் சேரும்வரை தனியாக விடக் கூடாது. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவையும், தொலைபேசி வழி மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416-ஐயும் அதே ஸ்லைடில் வைத்தேன்.

கடைசி ஸ்லைடில் மருத்துவருக்கு எழுதும் குறிப்பின் மாதிரி. "மன உளைச்சலில் உள்ளான்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினால் மருத்துவருக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த மாணவனுக்கு ஆலோசகர்கள் சேர்ந்து எழுதியது இது: "ஜூலை முதல் தூக்கக் குறைவு. ஆகஸ்ட் முதல் ஒதுங்கி இருக்கிறான். அக்டோபர் முதல் சந்தேகம். நவம்பரில் குரல் கேட்பதாகச் சொன்னான். தாய்மாமனுக்கு மனநோய் என்று தாயார் கூறினார். போதைப் பழக்கம் பற்றிக் கேட்டோம், இல்லை என்றான். வார்டனுடன் நெருக்கம் உண்டு." நோயின் பெயரை எழுத வேண்டாம், பார்த்ததை மாதத்தோடு எழுதினால் போதும் என்று சொன்னேன். லிஸ்ட் கேட்ட ஆசிரியைதான் அந்தக் குறிப்பைத் தன் செல்போனில் முதலில் படம் எடுத்துக்கொண்டார்.